கட்டண உயர்வு எஸ்எம்எஸ்: கோத்தகிரி டீச்சர் கிரெடிட் கார்டை மூடிய கதை

2024 நவம்பர் 25, திங்கட்கிழமை. கோத்தகிரி ஜான்ஸ்டோன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், வரிக் கணக்கும் சின்னக் கடைகளின் கணக்கும் எழுதும் என் அறைக்கு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஊரில் அவருக்கு டீச்சர் என்றுதான் பெயர். ஸ்வெட்டர் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். கார்டு வங்கியிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ். டிசம்பர் 20 முதல் கட்டணங்கள் மாறுகின்றன, விவரத்துக்கு இணைப்பைப் பார்க்கவும் என்று இரண்டே வரி.

"தம்பி, பையன்கிட்ட சொன்னேன். விலை ஏத்தினா ஒரு மாசத்துக்குள்ள பைசா கொடுக்காம வெளிய வந்துடலாம்மா, அது உரிமை அப்படிங்கறான்" என்றார்.

பையன் இருப்பது பிரிட்டனில். அவன் சொன்னது அங்கே சரி. போன், இன்டர்நெட் ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிராத ஒரு மாற்றத்தைக் கம்பெனி கொண்டுவந்து, அது வாடிக்கையாளருக்குப் பாதகமாக இருந்தால், ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அபராதமில்லாமல் விலகவும் விட வேண்டும் என்பது அங்கே தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்தும் ஆஃப்காம் அமைப்பின் விதி. நம் ஊரில் எல்லாச் சேவைக்கும் பொதுவாக இப்படி ஒரே விதி கிடையாது. எந்தச் சேவை, அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள், ஒப்பந்தம் நடுவில் இருக்கிறதா புதுப்பிக்கும் நேரமா என்பதைப் பொறுத்து உரிமை மாறும். ஆனால் டீச்சருக்கு யோகம். கிரெடிட் கார்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கி கிட்டத்தட்ட அதே உரிமையை எழுத்திலேயே கொடுத்திருக்கிறது.

2022 ஏப்ரல் 21 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு வழிகாட்டு நெறிகள் அந்த வருடம் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தக் கதைக்கு அதில் மூன்று செய்திகள் வேண்டும். ஒன்று, வட்டி தவிர்த்த மற்றக் கட்டணங்களை மாற்றுவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். அந்த மாற்றமும் இனிமேல் வரும் காலத்துக்குத்தான் செல்லும், கடந்துபோன காலத்துக்கு அல்ல. இரண்டு, தனக்குப் பாதகமான கட்டண மாற்றத்தால் ஒருவர் கார்டைத் திருப்பிக் கொடுக்க விரும்பினால், அப்படி மூடுவதற்காகக் கூடுதல் கட்டணம் எதுவும் வாங்கக்கூடாது. மூன்று, மூடச் சொல்லிக் கேட்டால், பாக்கி இல்லாதபட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும், ஞாயிறு உட்பட, 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. கட்டணம் ஏறினால்தான் கார்டை மூட முடியும் என்பதில்லை. பாக்கியைக் கட்டிவிட்டு எந்த நாளிலும் மூடலாம். கட்டண உயர்வு அறிவிப்பு கூடுதலாகத் தருவது கொஞ்சம் கால அவகாசமும், மூடும்போது ஒட்டிக்கொண்டு வரும் செலவுகளை மறுத்துப் பேச ஒரு பிடியும். டீச்சருக்கு அந்தக் கார்டே வேண்டாம் என்று இரண்டு வருடமாக எண்ணம். ஸ்கூட்டருக்கு பெட்ரோல், மருந்து, ஒரு ஓடிடி சந்தா, அப்புறம் தவணையில் வாங்கிய பிரிட்ஜ், அவ்வளவுதான் அதில் ஓடியது. தவணை முடியட்டும் என்று காத்திருந்தார்.

இணைப்பைத் திறந்தோம். கோத்தகிரியில் மூடுபனி இறங்கிய மாலையில் ஒரு பிடிஎஃப் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். வருடக் கட்டணம் 499 ரூபாயிலிருந்து 999 ஆகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 588.82 இருந்தது 1,178.82. அது பெரிய விஷயமில்லை. அடுத்த வரிதான் விஷயம். இதுவரை வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் செலவழித்தவர்களுக்கு அடுத்த வருடக் கட்டணம் தள்ளுபடி. இனி அந்த வரம்பு 1,50,000. டீச்சர் வருடம் 60,000 வரை செலவழிப்பவர். ஆகவே இத்தனை வருடமும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதவர், இனி வருடம் 1,178.82 கட்ட வேண்டியவராகிறார். அறிவிப்பில் கொட்டை எழுத்தில் இருப்பதைவிடச் சலுகைக்கான நிபந்தனை மாறுவதுதான் பெரும்பாலும் பணத்தைக் கரைக்கிறது. அதனால் புதிய பட்டியலைத் தனியாகப் படிக்கக்கூடாது, பழையதைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கார்டு வந்த உறையோடு கொடுத்த நிபந்தனைத் தாளை டீச்சர் பத்திரமாக வைத்திருந்தார். வாத்தியார்கள் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள்.

அடுத்து நாட்களை எண்ணினேன். நவம்பர் 25லிருந்து டிசம்பர் 20க்கு இருபத்தைந்து நாள். ஒரு மாதம் இல்லை. இதுவே முதல் குறை. இரண்டாவது குறையைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டீச்சரின் கார்டு வருடம் டிசம்பர் 21இல் தொடங்கி மறு டிசம்பர் 20இல் முடிகிறது. டிசம்பர் 22ஆம் தேதி பில்லில்தான் வருடக் கட்டணமோ தள்ளுபடியோ வரும். அந்த வருடத்துக்கான 50,000 ரூபாயை அவர் அக்டோபரிலேயே தாண்டிவிட்டார். அதாவது பழைய நிபந்தனைப்படி செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார். இப்போது புது வரம்பை வைத்து டிசம்பர் 22இல் கட்டணம் போட்டால், ஓடி முடித்த பந்தயத்தின் கோட்டைத் தள்ளி வரைவது போலாகும். இனிமேல் வரும் காலத்துக்கு மட்டும் என்று விதி சொல்வது இதைத் தடுக்கத்தான்.

அன்றைக்கே எஸ்எம்எஸ்ஸைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம், பிடிஎஃபை இறக்கி வைத்தோம். டிசம்பர் 20க்கு அப்புறம் அதே இணைப்பில் புதுப் பட்டியல் மட்டும்தான் இருக்கும், எப்போது அறிவித்தார்கள் என்பதற்கான தடயம் இருக்காது. கார்டைத் தேய்ப்பதையும் அன்றோடு நிறுத்தச் சொன்னேன். மாற்றம் நடைமுறைக்கு வந்த பிறகும் கார்டைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வரி பெரும்பாலான கார்டு ஒப்பந்தங்களில் இருக்கும். டீச்சருடையதிலும் இருந்தது.

மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய வீட்டு வேலை ஒரு வாரம் பிடித்தது. ஓடிடி சந்தாவைக் கார்டிலிருந்து எடுத்து யுபிஐக்கு மாற்றினோம். இந்தத் தானியங்கிப் பிடித்தங்களுக்கு, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், வேண்டாமென்றால் அப்போதே நிறுத்தலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். மூடச் சொல்லிக் கடிதம் போன மறுநாள் ஒரு 299 ரூபாய் கார்டில் ஏறினால், பாக்கி இருக்கிறது என்று சொல்லி ஏழு நாள் கணக்கையே கவிழ்த்துவிடுவார்கள். சேர்ந்திருந்த புள்ளிகளைக் கொடுத்து ஒரு குக்கர் வாங்கிக்கொண்டார். கார்டு மூடினால் புள்ளிகளும் போய்விடும்.

பிரிட்ஜ்தான் சிக்கல். 24,000 ரூபாய், 15 சதவீத வட்டியில் பன்னிரண்டு தவணை, மாதம் 2,166. நான்கு தவணை பாக்கி. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டுக் கேட்டால், மீதி அசல் 8,400, அதை முன்கூட்டியே முடிப்பதற்கு 3 சதவீதம் 252, அதற்கு ஜிஎஸ்டி 45.36, ஆக 297.36 கூடுதல் என்றார்கள். மூடுவதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்ற விதி இதைத் தொடுமா?

என் வாதம், தொடும். டீச்சர் தவணையை ஆசைப்பட்டு முன்கூட்டி முடிக்கவில்லை. வங்கி கட்டணத்தை ஏற்றியதால் கார்டை மூடுகிறார், கார்டை மூடினால் தவணை தானாக முடிய வேண்டியிருக்கிறது. வங்கியின் வாதம், தவணை ஒரு தனி ஒப்பந்தம், அதன் கட்டணம் கார்டை மூடும் கட்டணம் அல்ல. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இது அடித்துச் சொல்லக்கூடிய உரிமை அல்ல, கேட்டுப் பார்க்கக்கூடிய உரிமை.

இங்கே நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, நியாயமில்லாத தொகையைக் கட்ட மாட்டேன் என்று அதை அப்படியே விட்டுவைப்பது. கோபம் சரி, ஆனால் கணக்கு தப்பு. 297 ரூபாய் நிலுவையில் நின்றால் அதன் மேல் வட்டி ஓடும், தாமதக் கட்டணம் விழலாம், சிபில் அறிக்கையில் கறை படியலாம். எல்லாவற்றையும்விட, பாக்கி இருக்கும்வரை ஏழு நாள் கெடுவும் 500 ரூபாயும் உயிர் பெறாது. அதனால் டிசம்பர் 4ஆம் தேதி, நவம்பர் செலவு, மீதி அசல், அதுவரையிலான வட்டி, அந்த 297.36 எல்லாவற்றையும் கட்டினோம். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், இந்தத் தொகையைத் திருப்பித் தரக் கேட்பேன் என்று ஒரு வரி மின்னஞ்சலும் அனுப்பினோம். மறுநாள் காலை செயலியில் பாக்கி சைபர் என்று வந்ததும் அந்தத் திரையையும் படம் எடுத்தோம்.

டிசம்பர் 5, வியாழன். மூடச் சொல்லும் கோரிக்கையைச் செயலி வழியாகவும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். தபாலில்தான் அனுப்ப வேண்டும், கிளைக்கு நேரில் வர வேண்டும் என்று தாமதமாகும் வழியை வங்கி வற்புறுத்தக் கூடாது. மலையிலிருந்து கோயம்புத்தூர் கிளைக்கு இறங்கி ஏறுவது ஒரு நாள் வேலை என்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கடிதத்தில் நான்கே செய்திகள். நவம்பர் 25 அறிவிப்பில் உள்ள கட்டண மாற்றம் எனக்குப் பாதகமானது, அதனால் கார்டை மூடுகிறேன். இன்றைய தேதியில் பாக்கி இல்லை. இதற்காக எந்தக் கூடுதல் கட்டணமும் விதிக்கக் கூடாது. மூடியதை எழுத்தில் உறுதி செய்யவும். காரணத்தைக் குறிப்பிட்டது முக்கியம். வெறுமனே மூடுங்கள் என்று எழுதினால், கட்டண மாற்றத்தால் வெளியேறுபவருக்கான பாதுகாப்பைப் பிறகு கேட்பது கஷ்டம்.

ஏழு வேலை நாள் எப்போது முடியும் என்று நாட்காட்டியில் குறித்தோம். டிசம்பர் 7 முதல் சனி, வங்கி உண்டு. அதைச் சேர்த்தால் 13ஆம் தேதி வெள்ளியோடு முடிகிறது. கார்டுப் பிரிவுக்குச் சனி விடுமுறை என்று சொல்வார்களோ என்று தாராளமாக விட்டு, 16ஆம் தேதி திங்கள் என்று வைத்துக்கொண்டோம். கெடுவில் ஒன்றிரண்டு நாள் விட்டுக்கொடுத்து எண்ணினால் பின்னால் யாரும் அதைப் பிடித்துத் தொங்க முடியாது. இதை ஒட்டி நீலகிரிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் மே மாத மலர்க் கண்காட்சிக்கும் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவார். அந்த அறிவிப்பின் கடைசியில் இது செலாவணி முறிச் சட்டப்படியான பொது விடுமுறை அல்ல என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். பள்ளிக்கூடம் மூடியிருந்தாலும் வங்கிக்கு அது வேலை நாள்தான்.

டிசம்பர் 9ஆம் தேதி டீச்சருக்கு ஒரு போன். நான் அங்கே இல்லை, அவர் பிறகு சொன்னது. அடுப்பில் கீரை. எதிர்முனையில் மரியாதையான ஒரு பெண் குரல், நல்ல தமிழ்.

"மேடம், நீங்க எங்களோட பழைய கஸ்டமர். இந்த வருஷம் ஃபீ நாங்க தள்ளுபடி பண்ணிடறோம். கார்டை வச்சுக்கலாமே மேடம்?"

"பார்க்கலாம்மா."

"தேங்க்யூ மேடம்."

நம் வீடுகளில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பெண் கேட்டு வந்தவர்கள் முதல் சீட்டுப் பிடிப்பவர்கள் வரை எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொல்லாமல் சொல்வது. ஆனால் அந்த போனின் மறுமுனையில் இருந்த கணினியில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்திருக்க வேண்டும். 11ஆம் தேதி செயலியைத் திறந்தால் கோரிக்கைக்கு எதிரே Withdrawn by customer என்று இருக்கிறது.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எப்பப்பா வேணும்னு சொன்னேன்?"

புதிதாக இன்னொரு கோரிக்கை போடுங்கள் என்று சேவை மையத்தில் சொன்னார்கள். போடவில்லை. போட்டால் ஏழு நாள் அன்றிலிருந்து மறுபடி தொடங்கும், டிசம்பர் 20 வரை இழுத்துவிடும். அதற்குப் பதிலாக, 5ஆம் தேதி மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதினோம். கோரிக்கையை நான் திரும்பப் பெறவில்லை, 9ஆம் தேதி அழைப்பில் எந்தச் சலுகையையும் ஏற்கவில்லை, அழைப்புப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், 5ஆம் தேதியே கோரிக்கைத் தேதி. அவ்வளவுதான்.

சலுகையை ஏற்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு வருடக் கட்டணம் போனால் போகிறது என்று அவர்கள் விடுவது உண்மைதான், கார்டு தேவைப்படுபவருக்கு அது நல்ல பேரமும்கூட. அப்படி ஏற்பதானால், எந்த வருடத்துக்கு, எவ்வளவு, அடுத்த வருடம் என்ன வரம்பு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். டீச்சருக்குக் கார்டே வேண்டாம் என்பதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

16 போனது. 20 போனது. 22ஆம் தேதி ஞாயிறன்று பில் வந்தது: வருடக் கட்டணம் 1,178.82. கார்டு 24ஆம் தேதி செவ்வாயன்று மூடப்பட்டது. மூடியதற்கு எஸ்எம்எஸ்ஸும் வந்தது, அந்தக் கட்டணத்தைக் கட்டச் சொல்லி இன்னொரு எஸ்எம்எஸ்ஸும் வந்தது. இரண்டும் ஒரே நாளில்.

கிறிஸ்துமஸ் முடிந்து 26ஆம் தேதி, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கு எழுதினோம். கேட்டது மூன்று. கட்டணத்தை நீக்க வேண்டும், ஏனென்றால் கோரிக்கை அதற்கு முன்பே வந்தது, அறிவிப்பு ஒரு மாதம் இல்லை, புது வரம்பைப் பழைய வருடத்துக்குப் பொருத்த முடியாது. 17 முதல் 24 வரை எட்டு நாள் தாமதத்துக்கு 4,000 ரூபாய். தவணைக்காக வாங்கிய 297.36.

ஜனவரி 9ஆம் தேதி பதில் வந்தது. கட்டணம் நீக்கம். தாமதத்துக்கு ஐந்து நாளுக்கு மட்டும் 2,500. தவணைத் தொகை கிடையாது, அது தனி ஒப்பந்தம். எட்டு ஏன் ஐந்தானது என்றால், 22ஆம் தேதி முதல் கணக்கில் 1,178.82 பாக்கி இருந்ததாம், பாக்கி இருந்தால் அபராதம் கிடையாதாம்.

இந்தப் பதிலை நான் நான்கு தடவை படித்தேன். போடக் கூடாத கட்டணத்தைத் தாங்களே போட்டு, அதைப் போட்டது தப்பென்று தாங்களே நீக்கி, அதே கட்டணத்தைக் காட்டி மூன்று நாள் அபராதத்தையும் குறைத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போனால் இந்த 1,500 கிடைக்கும் என்றே நினைத்தேன். வங்கியிடம் முதலில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, அன்றைய விதிப்படி ஒரு வருடத்துக்குள் cms.rbi.org.in தளத்தில் போடலாம். செலவில்லை, வக்கீல் வேண்டாம், 14448இல் விவரம் கேட்டுக்கொள்ளலாம். கடிதங்கள், படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருந்தன.

டீச்சர் கோப்பை மூடிவிட்டார். "விடுங்க தம்பி. வருஷா வருஷம் போக இருந்தது நின்னுடுச்சு. பிரிட்ஜும் நம்மளுது ஆயிடுச்சு." வருத்தம் எனக்குத்தான், அவருக்கில்லை. பிப்ரவரியில் சிபில் அறிக்கை எடுத்துப் பார்த்தோம். கார்டுக்கு எதிரே Closed என்று இருந்தது. அப்படி இல்லாமல் போய், திருத்தச் சொல்லிப் புகார் கொடுத்த பிறகும் 30 நாளில் திருத்தவில்லை என்றால், நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு.

இதே டிசம்பரில் டீச்சர் வீட்டுக்கு இன்னொரு கட்டண உயர்வும் வந்தது. ஃபைபர் இன்டர்நெட். அதைச் சொன்னால்தான் கார்டு விதி எவ்வளவு வசதியானது என்று புரியும்.

ஜூன் மாதம் பன்னிரண்டு மாதத்துக்கு மொத்தமாக, மாதம் 500 வீதம் 6,000, ஜிஎஸ்டியோடு 7,080 கட்டியிருந்தார். மோடத்துக்கு 1,500 டெபாசிட். டிசம்பரில் அந்த உள்ளூர் ஆபரேட்டரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி: ஜனவரி முதல் மாதம் 100 ரூபாய் உயர்வு, வருடக் கட்டணம் கட்டியவர்களும் மீதி ஆறு மாதத்துக்கு ஜிஎஸ்டியோடு 708 கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வேகம் குறைக்கப்படும்.

கார்டுக்கு இருந்தது போல தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு கொடு என்று எழுதிய வரியைக் காட்டி இங்கே பேச முடியாது. ஒப்பந்தத்துக்கு, அதாவது அந்த ரசீதுக்குத்தான் போக வேண்டும். ரசீதில் பன்னிரண்டு மாதம், 7,080 என்று இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் கட்டணம் மாற்றத்துக்கு உட்பட்டது என்றும் இருந்தது. ஆபரேட்டர் பையன் அதைத்தான் காட்டினான்.

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, ஓர் ஒப்பந்தத்தை மாற்றுவதென்றால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாட்ஸப் செய்திக்குப் பதில் போடாமல் இருப்பது ஒப்புதல் ஆகாது. அப்படியானால் அந்தப் பொடி எழுத்து? முன்பே ஒப்புக்கொண்டதாக அவர்கள் சொல்வார்கள். ஆனால் முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிய காலத்துக்கு, நடுவில் இஷ்டப்படி ஏற்றலாம் என்று அதை வாசித்தால் பன்னிரண்டு மாத விலைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. அது அடுத்த புதுப்பித்தலுக்கானது என்று வாசிப்பதுதான் பொருந்தும். வாடிக்கையாளருக்குப் பாதகமாக நியாயமற்ற கட்டணத்தையோ நிபந்தனையையோ திணிக்கும் ஒப்பந்தத்தை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது.

அதில் ஒரு நடைமுறைச் சங்கடம். அந்த நிபந்தனையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டால் வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. 708 ரூபாய்க்கு யார் சென்னைக்குப் போவது? ஆகவே கேள்வியை வேறு மாதிரி வைக்க வேண்டும். நிபந்தனையைப் பற்றிப் பேசாமல், பணம் வாங்கிய சேவையைக் குறைத்தால் அது சேவைக் குறைபாடு என்று சொன்னால், ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையமே போதும். வாடிக்கையாளர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை. அதற்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வணிகத்துக்காக எடுத்த இணைப்பு என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துவது என்று காட்ட முடிந்தால்தான் நுகர்வோர் என்ற தகுதி நிற்கும்.

டீச்சர் எழுதிய பதிலில் இரண்டே வழி கொடுத்திருந்தோம். ஒன்று, ஜூன் வரை பழைய விலையிலேயே முழு வேகத்தில் கொடுங்கள். அல்லது மீதி ஆறு மாதத்துக்கான 3,540 ரூபாயையும் டெபாசிட்டையும் திருப்பிக் கொடுத்து இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்வுக்குச் சம்மதமில்லை என்று ஒரு வரி. வேகத்தைக் குறைத்தால் தெரிய வேண்டுமே என்று டிசம்பர் கடைசியில் மூன்று நாள், ஒரே நேரத்தில், மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேகச் சோதனை எடுத்து வைத்தோம். மலையில் மழைக்கும் காற்றுக்கும் மரம் விழுந்து கேபிள் அறுவது சகஜம், அதனால் ஒரு நாள் அளவை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

பதில் எதுவும் வரவில்லை. வேகமும் குறையவில்லை. டீச்சரைப் போலக் கொடநாடு சாலையில் இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள் ரசீதைக் காட்டிக் கேட்டதாகப் பிறகு தெரிந்தது. 708 கட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது திரும்பி வரவில்லை.

ஜூன் மாதம் வருடம் முடிந்தது. புதுப்பித்தல் 7,200, ஜிஎஸ்டி தனி. அப்போது என்ன விலை சொல்வதும் அவர்கள் உரிமை, வேண்டாம் என்பது டீச்சரின் உரிமை, அங்கே சட்டம் பேச ஒன்றுமில்லை. வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து ஆபரேட்டர் பையன் மோடத்தை எடுக்க வந்தான். டெபாசிட்டில் 1,300தான் கொடுத்தான்.

"அடாப்டர்ல கீறல் இருக்கு டீச்சர். அதுக்கு இருநூறு."

டீச்சர், இணைப்பு கொடுத்த அன்று மோடத்தையும் அடாப்டரையும் மேசை மேல் வைத்து எடுத்த படத்தைப் போனில் காட்டினார். கீறல் அன்றைக்கே இருந்தது. பையன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து இன்னொரு இருநூறு ரூபாய்த் தாளை எடுத்தான்.